நன்னடத்தை அட்டை

அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும். மரியாதையான கடிதம்தான். 'மேற்படி மாணவி', 'தயவுசெய்து', 'மாணவியின் நலன் கருதி' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மரியாதையாகவே ஒரு பிள்ளையை மிதிக்கலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

ஐம்பதுகளின் கடைசி, இலங்கையின் மலைநாடு. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மலையிறங்கி, பஸ் பிடித்து, தலவாக்கலைப் பக்கம் போக வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன ஒரே பெண் நான். ஏழாம் வகுப்பில் இருந்தேன்.

அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பின்னாலே இருந்த ஆசிரியைகளின் விடுதிக்குத் தண்ணீர் தூக்க வேண்டும். கடைவீதிப் பிள்ளைகளை யாரும் கூப்பிடமாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பாக்கியம். "உங்களுக்குப் பழக்கம்தானே" என்பார் வகுப்பாசிரியை, ஏதோ புகழ்கிற மாதிரி. ஒரு நாள் நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் டீச்சர் எங்களை மட்டும் கூப்பிடுறீங்க?" என்று கேட்டேன். வைத்த வேகத்தில் வாளி சாய்ந்து, அவர் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நனைந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு வாரம் பாடசாலைக்கு வரக்கூடாது என்றார்கள். அது முடிகிற சமயத்தில் கடிதம் வந்தது. எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே எனக்கு விதித்த தண்டனையை நானே உரக்க வாசித்தேன். அப்பா அடுப்போரம் குந்தியிருந்தார். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பச் சேர்வதற்கு நிபந்தனைகள். பெற்றோர் அல்லது பாதுகாவலர் மாணவியுடன் நேரில் வர வேண்டும். மாணவி தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். தவணை முடியும்வரை நன்னடத்தை அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் வகுப்பாசிரியை தினமும் 'திருப்தி' என்றோ 'கவனிக்கவும்' என்றோ எழுதுவார். வெள்ளிக்கிழமை தோறும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்பமிட்டு, திங்கள் காலை அட்டையை ஒப்படைக்க வேண்டும். 'கவனிக்கவும்' ஒவ்வொன்றும் ஒரு மீறல். ஒப்பம் இல்லாத வாரமும் ஒரு மீறல். தவணையின் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மீளாய்வு. அன்றைக்கு மூன்று மீறல்கள் இருந்தால் பாடசாலைப் பதிவேடான இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்படும்.

இடாப்பில் பெயர் போனால் அடுத்து எங்கே போகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பட்டியலான செக்ரோலுக்குத்தான். பன்னிரண்டு வயது முடிந்த பெண்ணுக்குக் கொழுந்து பறிக்கிற கூடை தயாராக இருக்கும்.

"நான் போயிட்டு வர்றேன்" என்றாள் அம்மா.

"நீ போயி என்னத்தப் பேசுவ? கங்காணியய்யாகிட்ட காட்டுவோம். அவங்க பாத்துக்குவாங்க" என்றார் அப்பா.

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. தோட்டத்துத் துரையிடம் பேச வேண்டுமென்றால் ஆட்களை மேய்க்கிற கங்காணி, டாக்டரிடம் பேச வேண்டுமென்றால் கங்காணி. எழுதிய தாள் எதுவானாலும் அது நேரே கங்காணி வீட்டுக்குப் போகும். கடிதத்தில் 'பெற்றோர்' என்று முதலில் எழுதியிருந்ததை நான் வாசிக்க அப்பாவும் காதில் வாங்கினார். ஆனால் அது தன்னைத்தான் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெரிய கங்காணி கோட்டு மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். தலைமை ஆசிரியரின் அறையில் அவர் செய்த கூத்தை நான் மறக்கமாட்டேன். நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. தலைப்பாகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இதுக தோட்டத்துச் சனங்க ஐயா. மட்டுமரியாத தெரியாதுங்க. நீங்கதான் நாலு தட்டுத் தட்டி மனுசியாக்கணும்" என்று குழைந்தார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த அதே கப்பலில்தான் அவர் குடும்பமும் வந்திறங்கியது. தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "இவளுடைய அப்பா கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார்.

"கைநாட்டுதாங்க. நானே போட்டுடுறேன்."

அட்டையில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினார்கள். மன்னிப்புக் கடிதத்தையும் அங்கேயே எழுதவைத்தார்கள். வாளியை வேண்டுமென்றே கவிழ்த்ததாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

முதல் வெள்ளிக்கிழமை சாயந்தரம் அட்டையோடு கங்காணி வீட்டுக்குப் போனேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "இருக்கட்டும், வைய்யி. மொதல்ல அக்காவுக்கு ரெண்டு குடம் தண்ணி எடுத்துக் குடு" என்று உள்ளே இருந்த தன் மனைவியைக் காட்டினார். தண்ணீர் தூக்க மறுத்ததற்காகக் கொடுத்த அட்டையில் கையெழுத்து வாங்க, தண்ணீர் தூக்கினேன். அடுத்த வாரம் தண்ணீரோடு மிளகாய் அரைத்தேன். அதற்கடுத்த வாரம் கொட்டகையில் மாட்டுச் சாணம் அள்ளினேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து ஈரக் கையோடு நிற்கும்போதுதான் பேனாவைத் திறப்பார். கையெழுத்தோ பெரிய பட்டத்து ராஜா கையெழுத்து, ஏழெட்டுச் சுழி. பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

ஒரு வாரம் அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திங்கள் காலை வந்து வாங்கிக்கொள் என்றார். வாங்கிக்கொண்டு ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. பிந்தி வந்ததற்கு ஒரு 'கவனிக்கவும்'. இன்னொன்று, என் உடுப்பில் சாண வாடை அடிக்கிறதாம், அதற்கு. அதை எழுதும்போது வகுப்பாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று சொன்னால் கையெழுத்துப் போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. "ஏன்டி இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டால், "கங்காணியார் வர லேட்டாயிருச்சும்மா" என்பேன்.

பத்து வெள்ளிக்கிழமை இப்படிப் போயின. இரண்டு மீறல். இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் திங்கட்கிழமை மீளாய்வு.

பதினோராவது வெள்ளிக்கிழமை, கங்காணி தன் எச்சில் படிக்கத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். "இதக் கழுவி வச்சிட்டு வா."

விளிம்புவரை சிவப்பாக, கொழகொழவென்று நிறைந்திருந்தது. ஓர் ஈ அதில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. "முடியாதுங்க" என்றேன். அதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவர் கோபப்படவில்லை. அட்டையை எடுத்து வாசலில் போட்டார். "திங்கக்கெழம காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்கு வந்துரு. பேரு பதிஞ்சிருவோம்" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படிக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அப்பா உடனே எழுந்து, "ஒரு செம்பக் கழுவுனா கை அழுகிப்போயிருமா? வா, போயி கால்ல விழுவோம்" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அம்மா எழுந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"யாரும் எங்கயும் போக வேணாம். அந்தக் கடுதாசிய எடுத்து இன்னொருக்கா வாசிடி."

வாசித்தேன். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"பெத்தவன்னு போட்டிருக்கில்ல? மொதல்ல போட்டிருக்கா, பொறகு போட்டிருக்கா?"

"மொதல்ல."

"அப்போ சரி" என்றாள்.

திங்கட்கிழமை அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். கொழுந்துக் கறையேறிய விரல்களைச் சேலை முந்தியில் மறைத்துக்கொண்டாள். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியையும் நாற்காலியில் இருந்தார்கள். அம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியர் அட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசிக் கட்டத்தில் நின்றார். "இந்த வாரம் ஒப்பம் இல்லையே. பாதுகாவலர் எங்கே?"

"பெத்தவ நான் வந்திருக்கேனுங்க. இப்ப வைக்கிறேன்" என்று அம்மா கட்டை விரலை நீட்டினாள்.

வகுப்பாசிரியை வாயைப் பொத்திச் சிரித்தார். தலைமை ஆசிரியர், "ஒப்பம் என்றால் கையெழுத்து. கைநாட்டெல்லாம் செல்லாது" என்றார்.

"ஏனுங்க செல்லாது? பிரஜாவுரிமை மனுவுல கைநாட்டுத்தான் வச்சேன். அரசாங்கமே வாங்கிக்கிச்சே."

"அந்த மனு என்ன ஆச்சு? தள்ளுபடிதானே?"

இதைக் கேட்டுவிட்டுத் தலைமை ஆசிரியர் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குடியுரிமை பறிக்கப்பட்டு நாடில்லாமல் நின்ற ஒருத்தியைப் பார்த்து, நாடுள்ளவன் ஒருவன் பல் தெரியச் சிரித்தான். அவனுக்கும் தாய்மொழி தமிழ்தான். 'அவர்' என்று இந்த வரிகளில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஆமாங்க, தள்ளுபடிதான். ஆனா தள்ளுனவங்ககூட கைநாட்டு செல்லாதுன்னு சொல்லலீங்களே."

தலைமை ஆசிரியர் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். கைநாட்டு கூடாது என்று அவர் எங்கும் எழுதியிருக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து மைப்பெட்டியைத் தூக்கிப் போட்டார். அம்மா கடைசிக் கட்டத்தில் கட்டை விரலை வைத்து, அழிந்துவிடாமல் மெதுவாக எடுத்தாள். அட்டையின் அடியில் 'நிபந்தனைகள் நிறைவேறின, இடாப்பில் பெயர் தொடரும்' என்று அவர் எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "அந்த ஆளு வீட்டுல படிக்கத்தக் கழுவச் சொன்னது இந்த ஒரு தரம்தானா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? தண்ணீர், மிளகாய், சாணம், எல்லாவற்றையும் பாடசாலைக் கேட்டருகே நின்று சொன்னேன். மையேறிய விரலைத் துடைக்காமல் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, மொத வெள்ளிக்கெழமையே வெரல வச்சிருப்பேனேடி" என்றாள்.

கைநாட்டு செல்லாது என்று எந்தக் கடிதமும் எனக்குச் சொல்லவில்லை. படித்தவள் நான். நானேதான் அப்படி நினைத்துக்கொண்டேன்.