சன்னலோரப் பயணியின் ஆறு வினாடி

குணாளனுக்கு நாற்பத்து நான்கு வயது. கூலிம் தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். பிறந்தது சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தோட்டத்தைத் துண்டாடி வீடு கட்டியபோது குடும்பம் திகாம் பத்துவுக்கு வந்தது. படிப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், ஆறாம் படிவத்தோடு நின்றுபோனான். பல்கலைக்கழகம் கிடைக்காத அந்தக் குறையை அவன் வெளியே சொன்னதில்லை. ஆனால் யாராவது "கணக்குன்னா குணா அண்ணன்தான்" என்று சொன்னால் அன்று முழுக்க அவன் நடையே வேறு மாதிரி இருக்கும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் அவன் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினான். அரசாங்க வேலைக்கும் பெரிய நிறுவன வேலைக்கும் எழுத்துச் சோதனை எழுதுகிறவர்கள் வருவார்கள். அந்த வருஷம் ஒரு ரயில் நிறுவனம் ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் அய்யாவு. லோரியில் உதவியாளாக ஓடிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டுதான் முப்பத்தைந்து முடிகிறது, இதை விட்டால் அவனுக்கு இனி வாய்ப்பு இல்லை. மெதுவாகத்தான் புரியும். ஆனால் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வான். மற்றவள் பிரேமாவதி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய், கூலிமில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஆபரேட்டர். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவாள். தூக்கக் கலக்கத்திலும் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டாள்.

ஐந்தாவது வாரம் ரயில் கணக்கு. குணாளன் பலகையில் எழுதினான். முதல் ரயில் 160 மீட்டர் நீளம், வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். இரண்டாவது ரயில் 240 மீட்டர், மணிக்கு 90 கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரெதிரே வருகின்றன. முதல் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணியை இரண்டாவது ரயில் கடந்து போக எத்தனை வினாடி?

வேகத்தை மாற்றுவதை அழகாகச் சொல்லிக்கொடுத்தான். மணிக்கு 3.6 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஒரு மீட்டர். ஆகவே 54 என்பது வினாடிக்கு 15 மீட்டர், 90 என்பது 25 மீட்டர். எதிரெதிரே வருவதால் இரண்டையும் கூட்டினால் 40. அதுவரை எல்லாம் சரி. பிறகு, "ரெண்டு ரயில்னா நீளத்தையும் கூட்டணும். 160, 240, மொத்தம் 400. நாற்பதால வகுத்தா பத்து வினாடி. மறக்காதீங்க" என்று கீழே கோடு போட்டான்.

பிரேமாவதி கை தூக்கினாள்.

"சார், நான் எடத்த விட்டு நகராமதானே உக்காந்திருக்கேன். எதிர்ல வர்ற ரயிலு மூக்கு என் சன்னலுக்கு வந்ததிலேர்ந்து வால் போற வரைக்கும்தான் எனக்குக் கணக்கு. என்னோட ரயிலு நீளம் எதுக்கு சார்? 240-ஐ மட்டும் வகுத்தா ஆறுதானே வருது?"

குணாளன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே ஏதோ ஒன்று இடறியது. ஆனால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக அவன் இந்தச் சூத்திரத்தைச் சொல்லிவந்திருக்கிறான். பயிற்சிப் புத்தகத்தில் கேள்விகள் இருந்தன, பின்னால் விடைகள் இல்லை.

"இது வேடிக்கை பாக்குற கணக்கு இல்லம்மா. ஃபார்முலா மண்டையில ஏறலன்னா கிலாங்ல பெட்டி ஒட்டுற வேலையே போதும்லா" என்றான்.

வகுப்பு சிரித்தது. அய்யாவுகூடச் சிரித்தான். பிரேமாவதி தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் பத்து என்று எழுதினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று குணாளன் மற்றவர்களிடம் சொன்னான். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை குணாளன் லீவு போட்டுவிட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த தன் அக்காவைப் பார்க்க சுங்கை பட்டாணியிலிருந்து புக்கிட் மெர்தாஜமுக்கு ரயிலேறினான். சன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் எதிரே ஒரு ரயில் வந்தது. விர்ரென்று காற்று அடித்து, கண்ணாடி முழுக்க வெள்ளையும் நீலமுமாக ஓடி, சட்டென்று மறுபடியும் செம்பனை மரங்கள் தெரிந்தன. அவ்வளவுதான்.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தன் ரயிலுக்கு மூன்று பெட்டியா ஆறு பெட்டியா என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்தச் சன்னலுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? பின்னால் இன்னும் இருபது பெட்டி மாட்டியிருந்தாலும், எதிர் ரயில் தன் முகத்துக்கு முன்னால் இருந்த நேரம் ஒரு வினாடிகூடக் கூடியிருக்காது. இரண்டு ரயிலின் மூக்கும் சந்தித்த நேரம் முதல் இரண்டின் வாலும் பிரியும் வரை என்று கேட்டால்தான் இரண்டு நீளத்தையும் கூட்ட வேண்டும், அப்போதுதான் பத்து வினாடி. பயணி என்று கேட்டால் எதிர் ரயிலின் நீளம் மட்டும். ஆறு. பிரேமாவதி சொன்ன ஆறு.

காது மடல் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா அவனைப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். பெட்டி ஒட்டுகிற வேலை என்று தான் சொன்னது அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது. அவனுடைய அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. எப்படிச் சொல்வது என்று மோட்டாரில் வரும்போதே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தான். மண்டபத்தில் ஏழு பேர் காத்திருந்தார்கள். முதல் வரிசையில் அய்யாவு. அவன் நோட்டில் ரயில் கணக்குக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. "சார், இது மட்டும் எனக்கு நல்லா பாடமாயிருச்சு" என்று பெருமையாக நோட்டைக் குணாளன் கையில் கொடுத்தான்.

குணாளன் வாயைத் திறந்தான். அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அவளைக் கேலி செய்தது தப்பு என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட முடியாது. "ரயில் கணக்கெல்லாம் அதிகமா வராது. விழுக்காடு பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு, முன்பு எழுதியதன் தடம் கொஞ்சமும் தெரியாதபடி பலகையைத் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சோதனையில் ரயில் கணக்கு வந்தது. எண்கள்தான் வேறு. 120 மீட்டர் ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதற்கு எதிரே 200 மீட்டர் ரயில் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில். சிறிய ரயிலில் இருக்கும் பயணியைப் பெரிய ரயில் எத்தனை வினாடியில் கடக்கும்? நான்கு விடைகளில் 4-ம் இருந்தது, 6.4-ம் இருந்தது. வினாடிக்கு 20-ம் 30-ம் கூட்டினால் ஐம்பது, இருநூறை ஐம்பதால் வகுத்தால் நான்கு. குணாளனிடம் கடைசிவரை படித்த ஏழு பேரும் 6.4-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்று வாரத்தில் முடிவு ஆன்லைனில் வந்தது. கேள்விக்கு ஒரு மதிப்பெண். ஐம்பதுக்கு முப்பது எடுத்தால் நேர்முகத்துக்குப் போகலாம். நான்கு பேர் தாண்டினார்கள், அவர்களில் பிரேமாவதியும் ஒருத்தி. அய்யாவுக்கு இருபத்தொன்பது.

அன்று சாயங்காலம் பிரேமாவதி குணாளன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய பலகாரம். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேகத்தை மாற்றுவதை அவன் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் பாதிக் கேள்வியைத் தொட்டிருக்க முடியாது என்றும், அதற்காகத்தான் வந்ததாகவும் சொன்னாள். ரயில் கணக்கைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. அவள் பேசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுதான் சரிம்மா. ஆறுதான்" என்றான் குணாளன். "நான் அன்னிக்குப் பேசினது ரொம்பத் தப்பு."

அவள் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னாள். எது தெரியும் என்று அவன் கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது, மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றாள். அவள் குரலில் கோபமில்லை.

மறுநாள் காலையில் அவன் அய்யாவுவைத் தேடிப் போனான். லோரி கொட்டகையில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்த அய்யாவு, குணாளனைக் கண்டதும் ஓடிவந்து நாற்காலி போட்டான். சார் எவ்வளவோ பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தும் தன் மண்டையில் ஏறவில்லை, சாரின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டான். குணாளன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சூத்திரம் தப்பு என்பதைச் சொன்னான். புதன்கிழமை ரயிலில் தெரிந்துகொண்டதைச் சொன்னான். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்து மூடிக்கொண்டதையும் விடாமல் சொன்னான்.

அய்யாவு தார்ப்பாயின் முனையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"கணக்கு தப்பாப் போறது எல்லாருக்கும் உள்ளதுதான்ணே" என்றான் கடைசியில். அதுவரை சார் என்று கூப்பிட்டவன் முதல் தடவையாக அண்ணே என்றான். "ஆனா வெள்ளிக்கெழம உங்களுக்குத் தெரியும். என் நோட்ட உங்க கையில கொடுத்தேன்லா."

அய்யாவு திரும்பித் தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டான்.

அந்த வாரமே குணாளன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான், தன் பிழையால் ஒருவருக்கு வாய்ப்புப் போய்விட்டது என்று. பதில் மரியாதையாகத்தான் வந்தது. மதிப்பெண்ணை மாற்ற இயலாது, வயது வரம்பும் அப்படியே. கடிதத்தின் நகலை அய்யாவுவிடம் காட்டலாமா என்று யோசித்தான். தான் நல்லவன் என்று காட்டிக்கொள்வதற்குத்தான் அது உதவும் என்று பட்டதால் காட்டவில்லை.

இரண்டு மாதம் வகுப்பு நடக்கவில்லை. பிறகு வேறொரு சோதனைக்குப் புதிதாக ஆறு பேர் வந்து கேட்டார்கள். முதல் நாள் குணாளன் பலகையில் அந்த இரண்டு ரயில்களையும் வரைந்தான். பத்து வினாடி எந்தக் கேள்விக்கு, ஆறு வினாடி எந்தக் கேள்விக்கு, பெரிய ரயிலில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஏன் நான்கே வினாடி என்று பிரித்துக் காட்டினான். இதைத் தனக்குப் புரியவைத்தது பிரேமாவதி என்ற கிலாங் ஆபரேட்டர் என்றும், அவளைத் தான் கேலி செய்ததாகவும் சொன்னான். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் ஏழு பேரைச் சோதனைக்கு அனுப்பியதையும் சொன்னான். புதியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தலையைக் குனிந்து நோட்டில் எழுதினார்கள்.

பிரேமாவதி இப்போது பயிற்சியில் இருக்கிறாள். அய்யாவு லோரி லைசென்ஸ் எடுத்துத் தானே ஓட்டுகிறான். பசாரில் எதிர்ப்பட்டால் நின்று, சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்பான். குணாளன் சாப்பிட்டேன் என்பான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. அய்யாவு போன பிறகும் குணாளன் சிறிது நேரம் அங்கேயே நிற்பான், எதை வாங்க வந்தோம் என்பதே நினைவில்லாமல்.