ஏழு மாதத்துக்கு ஒரு வரி

பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்பாள். அப்படிப் படித்தால் பொருளில் மனம் போகாது, கண் மட்டும் வேலை செய்யும். கணவன் போன இந்த நான்கு மாதமாக அது ரொம்பவே சௌகரியமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் நாத்தனார் வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவருக்கு அனுப்பவேண்டிய மின்னஞ்சலைத் தாளில் அச்செடுத்து வந்திருந்தாள். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கிறாள். கெடு முடிய இன்னும் ஒரு மாதம். அவள் ஆய்வு செய்ததை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணி, சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் இரக்கத்தோட பிடிங்க."

"விண்ணப்பப் படிவத்துல அவர் பேரைப் போட்டுட்டியா?"

"ஐயோ, இல்ல. போட்டா பல்கலைக்கழகத்துல இருந்து கடிதம் கேட்டு அவருக்கு நேரா இணைப்பு போயிடும். முதல்ல அவர் சரின்னு சொல்லட்டும்."

அண்ணி தாளைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனாள். இணைப்பில் தன்விவரம், மதிப்பெண் பட்டியல். எழுத இயலாவிட்டால் தயங்காமல் சொல்லலாம் என்ற வரி. படிப்பின் பெயர், கடைசித் தேதி. இரண்டு காற்புள்ளிகளை நீக்கினாள்.

"சுத்தமா இருக்கு."

வாலு தாளை வாங்கி, ஒருமுறை மேலிருந்து வாய்விட்டுப் படித்தாள். "'சொந்தக் காரணங்களால் திடீரென விலக நேர்ந்ததற்கு வருந்துகிறேன்...'"

சற்றுமுன் அண்ணியின் கண் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருந்தது. காதில் விழுந்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது.

"பாதி வேலையில விட்டுட்டு ஓடிப்போனவள்னுதானே உன்னை அவர் நினைச்சிருப்பார்?"

"ஆமா. அப்படி நினைச்சா எழுதமாட்டார்."

"காரணத்தைச் சொல்லவே இல்லையா நீ?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு அண்ணன் சத்தியம் வாங்கிடுச்சு. இப்ப... உங்களைக் கேக்காம எப்படி எழுதறது?"

அண்ணி தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'என் அண்ணன் நோயுற்றிருந்த ஏழு மாதமும் அவரைக் கவனித்துக்கொள்ளவே விலகினேன். அவர் இறந்துவிட்டார்.'

மருத்துவமனையிலும் வங்கியிலும் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். அவள் கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தாள். இப்போது அவளே எழுதியிருந்தாள். பழக்கத்தில் கீழிருந்து ஒருமுறை படித்தாள். பிழை ஏதும் இல்லை.

"அனுப்பு."

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் வாலுவே தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணி, எழுதறாராம். 'அப்போதே சொல்லியிருந்தால் விடுப்பு கொடுத்திருப்பேனே'ன்னு போட்டிருக்கார். நான் செஞ்ச வேலையை எல்லாம் குறிச்சு அனுப்பச் சொல்றார்."

"குறிச்சு எடுத்துட்டு வா, பாக்கறேன்."

"கீழ இருந்தா, மேல இருந்தா?"



"மேல இருந்து" என்றாள் அண்ணி.