பேர்கனுக்குப் போன ஆறு பெட்டி

நான் வேலை செய்யும் கடைக்காரர்களுக்கு மூன்று இடங்களில் கிடங்கு இருக்கிறது. ஒஸ்லோவில் பெரியது ஒன்று. கொண்டெயினர் அங்கேதான் இறங்கும். அதே நகரின் ஓரத்தில், வெஸ்ட்லியில், கடைக்குக் கீழே நிலவறையில் ஒன்று. மூன்றாவது மலைகளுக்கு அப்பால் பேர்கன் நகரில், கடையின் பின்னறை. மாதக் கடைசியில் இந்த மூன்றுக்குமான இருப்பு மாற்றப் பதிவேட்டை நான் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு இடத்திலும் தொடக்க இருப்பு எவ்வளவு, வேறு கிடங்கிலிருந்து வந்தது எவ்வளவு, வேறு கிடங்குக்குப் போனது எவ்வளவு, கடைசியில் மிஞ்சியது எவ்வளவு. கொள்வனவுக்கும் விற்பனைக்கும் தனி நிரல்கள் உண்டு. ஓரிடத்திலிருந்து போனதாக எழுதியது இன்னோர் இடத்தில் வந்ததாக இருக்க வேண்டும். எல்லா வரவையும் கூட்டினால் எல்லாப் போக்குக்கும் சமனாக வரவேண்டும். வராவிட்டால் எனக்கு வீட்டில் சோறு இறங்காது. வந்தாலும் இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, சத்துமா அனுப்புகிற கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. குழந்தைகளுக்கான குரக்கன் சத்துமாவில் ஒரு தொகுதியில் கச்சான் மா, அதாவது நிலக்கடலை மா, கலந்துவிட்டது, பைக்கற்றில் அது குறிப்பிடப்படவில்லை, அந்தத் தொகுதி இலக்கமுள்ள பெட்டிகளை விற்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

மகளை விடுகிற பார்னஹாகெயில், இங்கத்தைய பாலர் பள்ளியில், ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாது. வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போன வருடம் யாரோ கொண்டுவந்த பிஸ்கற்றில் ஒரு துண்டு தின்று, அந்தப் பிள்ளையின் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, அம்புலன்ஸ் வந்தது. நான் மகளைக் கூட்டிப்போக நின்றபடி அதைப் பார்த்தேன்.

முதலாளி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தொகுதி எங்க எங்க கிடக்கு?"

எங்கள் பதிவேட்டில் தொகுதி இலக்கம் எழுதுவதில்லை. சாமானும் எண்ணிக்கையும் இடமும்தான். ஆனால் அந்தத் தொகுதி புதுக் கொண்டெயினரில் வந்தது என்பது தெரியும். ஆகவே திகதிகளைப் பார்த்தேன். கொண்டெயினர் இறங்கிய பிறகு வெஸ்ட்லிக்குப் பத்துப் பெட்டி போயிருந்தது. பேர்கனுக்கு ஆறு பெட்டி. அதற்கான மாற்றுச் சீட்டு கொண்டெயினர் வருவதற்கு முன்பே எழுதியது. மலைப்பாதை பூட்டியிருந்ததால் லொறி சில நாள் பிந்தித்தான் போனது. அந்த ஆறு பெட்டியும் கட்டி, மேலே 'பேர்கன்' என்று எழுதி, வாசல் மூலையில் கிடந்ததை நானே கண்டிருந்தேன். அவை பழைய இருப்பு.

"பெரிய கிடங்கிலயும் வெஸ்ட்லியிலயும்தான் அண்ணா. பேர்கன்ல இல்ல."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம். பாத்தனான்." சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதுவேதான்.

பெரிய கிடங்கில் இருந்ததை நாங்கள் உடனே ஒதுக்கினோம். வெஸ்ட்லிக் கிடங்கைப் பார்க்கிற அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பத்துப் பெட்டியையும் தொடவேண்டாம் என்றேன்.

"பத்தும் கிடக்கு பிள்ளை. ஒண்டும் உடைக்கேல்ல. உம்மட கணக்குப் பிழைக்குமோ?"

பேர்கன் கடையில் நிற்கிற அக்காவுக்கும் சொன்னேன், உங்களுடையது பழையது, பயமில்லை, வில்லுங்கோ என்று. அவர், "நல்லகாலம், இஞ்சை சனிக்கிழமையிலதான் சனம் வரும்" என்றார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தபோது, ஒவ்வோர் இடத்திலும் பெட்டிகளைத் தொகுதி இலக்கம் தெரியப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை மகளை விட்டுவிட்டு, ஐந்தாம் இலக்க ரெயிலில் வெஸ்ட்லிக்குப் போனேன். நிலவறைக் குளிரில் அண்ணை பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பத்து. பதிவேட்டில் இருந்ததும் பத்து.

முதல் நாலு பெட்டியிலும் மின்னஞ்சலில் இருந்த இலக்கம். ஐந்தாவதில் வேறு இலக்கம். ஆறாவதிலும் அதுதான். கடைசிவரை அதுதான்.

"அண்ணை, இது ஆறும் பழசெல்லோ?"

"ஓம், அது பேர்கனுக்கெண்டு கட்டி வைச்சது."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பத்துப் பெட்டி எடுக்க அவர் பெரிய கிடங்குக்கு வந்த அன்று, பேர்கன் லொறி இன்னும் வெளிக்கிடவில்லை. மூலையில் கட்டிக் கிடந்த ஆறுக்கும் காலாவதி கிட்ட. புதுசுக்கு இன்னும் நிறையக் காலம் இருந்தது.

"பேர்கன்ல சத்துமா மெள்ளத்தானே போகும். இஞ்சை ரெண்டு கிழமையில முடிஞ்சிடும். அதான் பழசு ஆறை நான் எடுத்துக்கொண்டு, புதுசில ஆறை அந்த மூலையில கட்டி வைச்சனான். ஆறுக்கு ஆறு. கணக்கு அப்பிடியே நிக்கும் எண்டுதான் சீட்டு எழுதேல்ல. எப்பவும் அப்பிடித்தானே செய்யிறது."

எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதில் பிழை சொல்லவும் முடியவில்லை. சாமான் வீணாகாமல் பார்த்திருக்கிறார். எண்ணிக்கை எங்கேயும் மாறவில்லை. அதனால்தான் என் கூட்டல் எல்லாம் சமனாக வந்திருக்கிறது.

"ஏன் பிள்ளை முகம் இப்பிடிப் போகுது?"

"அந்தப் புதுசிலதான் அண்ணை கச்சான்."

அவர் ஒரு பெட்டியின் மேலேயே குந்திவிட்டார்.

நிலவறையில் தொலைபேசி எடுபடாது. படியேறி, கடை வாசலுக்கு வெளியே நின்று அக்காவை அழைத்தேன். பெட்டியில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். மின்னஞ்சலில் இருந்ததும் அதுதான்.

"ஐஞ்சு பெட்டி உடைக்கேல்ல தங்கச்சி. ஒண்டு உடைச்சது. நீர் வில்லுங்கோ எண்டு சொன்னனீரெல்லோ."

"எத்தினை போட்டுது அக்கா?"

எட்டுப் பைக்கற் போயிருந்தது. பேர்கனில் எங்கள் ஆட்கள் குறைவு. அக்காவுக்கு அநேகமாக எல்லாரையும் தெரியும். ஒவ்வொருவராக அழைத்தார். மத்தியானத்துக்குள் ஆறு திரும்பிவிட்டது, ஒன்று மட்டும் பாதி தின்றது. அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை. மற்ற இரண்டையும் வாங்கியது ஒரே ஆள்.

"ஒரு இந்தியப் பொம்பிளைப் பிள்ளை. தள்ளுவண்டிலுக்குள்ள குழந்தை. முந்தி நான் கண்டதில்ல. நர்ஸோ, என்னவோ வேலைக்கு வந்ததெண்டு நினைக்கிறன். 'இதுல பீநட் ஏதும் இல்லியே'ண்டு கேட்டது தங்கச்சி. நான் பைக்கற்றை வாசிச்சுப் பாத்திட்டு, இல்லையெண்டு சொன்னனான்."

சும்மா கேட்டிருக்கலாம். எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள்தானே, நானும் கேட்பேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம். முதலாளி என்னைக் கண்டிக்கவில்லை, கண்டித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அலுவலகத்துக்கு உள்ளதைச் சொன்னார், அவர்களும் அறிவித்தல் போட்டார்கள். அக்கா கடைக் கதவில் தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார். பேர்கன் தமிழ்ச் சனத்தின் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டார்கள். இந்தியத் தமிழர்களின் குழு வேறு; அதில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஒஸ்லோவில் கணினி வேலை செய்கிற ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து, அவர் மூலம் அதிலும் போட்டோம். அவர் மரியாதையாக, "ஃபார்வர்ட் பண்ணிட்டேங்க, யாரும் ரிப்ளை பண்ணல" என்றார். அந்தப் பிள்ளையிடம் அக்கா காசாகத்தான் வாங்கியிருந்தார், வங்கி அட்டையில் உள்ள பெயர்கூட இல்லை.

பதிவேட்டில் இப்போது தொகுதி இலக்கத்துக்கு ஒரு நிரல் போட்டிருக்கிறேன். வெஸ்ட்லி அண்ணை ஒரு பெட்டியை இடம் மாற்றினாலும் எனக்கு அழைக்கிறார், வேண்டாத நேரத்திலும். நான் ஒவ்வொன்றையும் எழுதுகிறேன். அந்த இரண்டு பைக்கற்றுக்கு அதில் எதுவும் செய்ய முடியவில்லை. அவை விற்பனையானவை. எந்த வீட்டு அலுமாரியில் இருக்கின்றன, உடைத்தாயிற்றா, குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்தாயிற்றா, எதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரிச் செய்தி ஒன்றும் வரவில்லை என்று முதலாளி சொல்கிறார். வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் நினைக்கிறார். எனக்கு அப்படி நினைக்கத் தெரியவில்லை.

போன கிழமை அக்கா அழைத்தார்.

"கதவில ஒட்டினது மழைக்கு ஊறிப் போச்சு. ஆக்கள் வாசிச்சுப்போட்டு மற்ற சாமானையும் வாங்கப் பயப்பிடினம். கழட்டட்டோ?"

மகள் என் கால்ச்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி? கேக்குதோ?"

"புதுசா ஒண்டு அனுப்பிறன் அக்கா," என்றேன். "பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு ஒட்டுங்கோ."

"எவ்வளவு காலத்துக்கு?"

அது எனக்கும் தெரியவில்லை.