ஊசி அக்கா கடனை முடித்த நாள்

அந்த மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வருகிற யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஊசி அக்காதான். மற்றவர்கள் கையைத் தட்டி, முறுக்கி, மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்பாள், நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கை அப்படி. வாய் வேறு மாதிரி. பயந்து கையை இழுக்கிற ஆம்பிளைகளைப் பார்த்து, "பிள்ளை பெத்துக்கச் சொல்லலையே, ரெண்டு சொட்டு ரத்தம்தானே கேட்டேன்" என்பாள். அதைக் கேட்கவே சிலர் வருவதாகவும் பேச்சு உண்டு.

இவ்வளவு கறாரான பெண்பிள்ளை தன் தம்பி விஷயத்தில் மட்டும் எப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டாள் என்பது அவள் வீட்டுக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. தம்பியின் பட்டப்பெயர் ஐடியா. அதை வைத்தவரே அவர்தான். பழைய கார்களை வாடகைக்கு விடுவது, வீட்டுக்கு வீடு தண்ணீர் சுத்திகரிப்பது, கல்யாணங்களுக்கு மேலே பறக்கிற கேமரா என்று அவனுக்கு வருஷத்துக்கு ஒரு யோசனை வரும். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் எல்லாமே. அந்தக் கேமரா யோசனைக்காகத்தான் அக்கா தன் சம்பளச் சீட்டைக் காட்டி, ஒரு கடன் கம்பெனியில் தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? முதல் நான்கு தவணை அவன் கட்டினான். பிறகு கேமரா ஒரு தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது, தவணை அக்கா கழுத்தில் மாட்டிக்கொண்டது.

சரி, தலையெழுத்து என்று கட்டிக்கொண்டு வந்தாள். குடியிருக்கும் வீட்டையே ஓனர் விற்கப்போகிறார் என்று தெரியும்வரை அவளுக்கு அது பெரிய வலியாகவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக மாறி அவள் அலுத்துப்போயிருந்தாள். ஆணி அடிக்காதே, தண்ணீரை அதிகம் செலவு பண்ணாதே என்று ஒவ்வொரு ஓனரிடமும் கேட்டுக் கேட்டு, இந்த இரண்டு அறை வீட்டில்தான் கொஞ்சம் மூச்சு விட்டாள். ஓனர் தன் மகனோடு போய்விடப்போகிறார். முதல் உரிமை உனக்குத்தான் என்றார். முன்பணமும் கொடுத்தாயிற்று. ஒரு வங்கி வீட்டுக்கடன் தரவும் ஒப்புக்கொண்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு. இவ்வளவு தவணைச் சுமையை வைத்துக்கொண்டு புதுக்கடன் தர முடியாது, அந்தத் தனிநபர் கடனை முடித்து, முடித்ததற்கான கடிதத்தைத் திங்கட்கிழமைக்குள் கொண்டு வா என்றார்கள். திங்கள் தாண்டினால் ஓனர் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ரொக்கத்தோடு ஒருவன் ஏற்கெனவே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவள் சமையலறையில் நின்றுகொண்டே இந்த அலமாரியை இடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கம்பெனியில் பணம் கட்டினால் கடிதம் வர இரண்டு வேலை நாள் ஆகும். ஆகவே வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தம்பியையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அவனை ஏன் இழுத்துப் போனாள் என்றால், கணக்குப் போட்டவன் அவன்தான்.

அந்தக் கணக்கின் அழகைச் சொல்ல வேண்டும். கடனை முன்கூட்டியே முடித்தால், பாக்கி இருக்கிற அசலுக்கு நூற்றுக்கு நான்கு கட்டணம், அந்தக் கட்டணத்துக்குப் பதினெட்டு சதவீதம் வரி, கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிய நாட்களுக்கு வட்டி, இவ்வளவும் அசலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்தது. ஐடியா ஒரு படி மேலே போனான். நான்கு மாசத்துக்கு முன்பு அக்காவுக்குச் சீட்டுப் பணம் ஒரு லட்சம் வந்தபோது, "அக்கா, அதை அசல்ல கட்டிடு. பகுதி கட்டறதுக்குக் கட்டணம் கிடையாது. பின்னால முடிக்கும்போது அந்த ஒரு லட்சத்துக்குக் கட்டணமே வராது" என்றான். கட்டினாள். இப்போது பாக்கி அசல் ஏறத்தாழ மூன்று லட்சம், சில்லறையை விட்டுவிட்டு மூன்று என்றே வைத்துக்கொள்வோம். நான்கு சதவீதம் பன்னிரண்டாயிரம், வரி இரண்டாயிரத்து நூற்று அறுபது, பத்து நாள் வட்டி ஆயிரத்து சொச்சம். நகையை விற்று, வீட்டுக்காரரின் சேமிப்பைத் துடைத்து, அந்தத் தொகையை மட்டும் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். அதற்கு மேல் மிச்சம் இருந்தது முந்நூறோ நானூறோ. சம்பளம் அடுத்த வாரம்தான்.

கம்பெனியிடம் ஒரு கணக்குச் சீட்டு எழுதி வாங்கிவிடலாமே என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். எதுக்கு மாமா, நான்தான் போட்டுட்டேனே என்றான் ஐடியா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது மாடி. குளிர்சாதனம் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்தது, ஆகவே எல்லாரும் அந்த மூலையில் குவிந்திருந்தார்கள். டோக்கன் எடுத்து உட்கார்ந்து, நம்பர் வருவதற்குள் ஐடியா தன் அடுத்த யோசனையை ஆரம்பித்துவிட்டான். பழச்சாறு வண்டி. இடத்துக்கு முன்பணம் கட்ட ஐயாயிரத்தைப் பையிலேயே வைத்திருக்கிறான், சாயங்காலம் கொடுக்கப் போகிறான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்தது மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண். கடன் எண்ணைத் தட்டி, தாளை அச்செடுத்து நீட்டினாள். கட்டணம் என்ற இடத்தில் பன்னிரண்டாயிரம் இல்லை, பதினாறாயிரம் இருந்தது. வரியும் அதற்கேற்ப ஏறியிருந்தது. மொத்தத்தில் நாலாயிரத்து எழுநூற்று இருபது அதிகம்.

அக்காவுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. மூணு லட்சத்துக்கு நாலு சதவீதம் பன்னிரண்டாயிரம்தானே, சின்னப் பிள்ளையும் சொல்லுமே என்று கேட்டாள். அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஒப்பந்தத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். பகுதி கட்டுவதற்குக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் முழுதாக முடிக்கிற நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாசத்தில் பகுதியாகக் கட்டிய பணம் எல்லாம் பாக்கி அசலோடு சேர்த்துத்தான் கட்டணத்துக்குக் கணக்காகும். மூன்றும் ஒன்றும் நான்கு. நான்கு லட்சத்துக்கு நான்கு சதவீதம். இல்லாவிட்டால் எல்லாரும் முதல் நாள் பாதியைக் கட்டிவிட்டு மறுநாள் மீதியை முடித்துக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வார்களே, அதற்காகத்தான் மேடம் என்றாள்.

அதாவது, ஐடியாவுக்கு வந்த ஐடியா இவர்களுக்கு முன்னாடியே வந்துவிட்டது.

"இருக்கிறதைக் கட்டிட்டு மீதியை அடுத்த வாரம் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள் அக்கா. கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

கட்டலாம், ஆனால் கடன் முடியாது என்றாள் அந்தப் பெண். ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு மூடாது. கட்டிய பணம் கணக்கில் சும்மா கிடக்கும், தவணை வழக்கம்போல ஓடும். அடுத்த வாரம் வந்தால் அதுவரைக்கும் வட்டி சேரும், இந்தத் தாளும் செல்லாது, வேறு தாள் எடுக்க வேண்டும்.

அக்காவுக்கு அந்தச் சமையலறை ஞாபகத்துக்கு வந்தது, அலமாரியை இடிக்கிறேன் என்றவனும் ஞாபகத்துக்கு வந்தான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. பல பேர் கண்ணீரை ஒரு வார்த்தையில் நிறுத்தியவளுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து ஐடியா வாயைத் திறந்தான். "அக்கா, ஒண்ணு பண்ணலாம். இன்னும் எட்டு மாசம் பொறுத்தா அந்த ஒரு லட்சம் கணக்குல வராது. நாலாயிரத்து எழுநூறு மிச்சம்."

அக்கா திரும்பினாள்.

"மாசம் மூவாயிரத்து ஐந்நூறு வட்டியை எட்டு மாசம் கட்டிட்டு, நாலாயிரத்து எழுநூறை மிச்சம் பிடிக்கச் சொல்றியா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு உனக்குத்தான்டா சொல்லி வச்சாங்க. வீடு எட்டு மாசம் நிக்குமா?"

அவன் வட்டியை நினைக்கவேயில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வட்டி மாசாமாசம் கொஞ்சம் குறையுமே என்று முனகினான். அக்கா கையை நீட்டினாள். அந்தப் பையில இருக்கிறதை எடு என்றாள். அது இடத்துக்கு வச்சிருக்கேன் அக்கா, சாயங்காலம் அந்த ஆள் வந்து நிப்பான் என்றான். அவள் கையை மடக்கவில்லை. ஊசி குத்தக் காத்திருக்கிற மாதிரி அசையாமல் நீட்டியபடியே நின்றாள். பின்னால் காத்திருந்தவர்களில் யாரோ, குடுப்பா தம்பி, எங்களுக்கும் வேலை இருக்கு என்றார்கள். எடுத்துக் கொடுத்தான். நான்கு தவணைக்குப் பிறகு அந்தக் கடனுக்காக அவன் கையிலிருந்து வந்த முதல் காசு அது. முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல ஆனது.

போனிலிருந்து பெரிய தொகை போனது, ரொக்கம் மேசைமேல் போனது. அந்தப் பெண் எண்ணி, தட்டி, முத்திரை குத்தி, ரசீதைக் கொடுத்தாள். கடன் முடிந்தது, கடிதம் சனிக்கிழமை மாலைக்குள் மெயிலில் வந்துவிடும், எங்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான் என்றாள். அக்கா மிச்சச் சில்லறையைத் தம்பி கையில் வைத்தாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "முடிஞ்சுடுச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தெருவுக்கு வந்ததும் போன் ஒரு தடவை சத்தம் போட்டது. அதே கம்பெனி. கடனை நல்லபடியாக முடித்ததற்கு நன்றி, உங்களுக்கு ஐந்து லட்சம் வரை முன்னனுமதிக் கடன் தயார், ஆவணம் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தது. எட்டிப் பார்த்த ஐடியாவின் முகத்தில் விளக்கெண்ணெய் போய் வெளிச்சம் வந்தது.

"அக்கா, வண்டிக்கு ரெண்டு லட்சம் போதும். வீட்டுக்கடன் வந்த பிறகு எடுத்தா பேங்குக்குத் தெரியவே தெரியாது."

அக்கா நடுத்தெருவில் நின்றாள். கத்துவாள் என்று அவன் இரண்டடி பின்வாங்கினான். அவள் கத்தவில்லை.

"உன் பேர்ல கேளு."

"என் பேர்ல எவன் அக்கா குடுப்பான்?"

"பாரு, முன்னப் பின்ன உன் மூஞ்சியையே பார்க்காத கம்பெனிக்கு இருக்கிற புத்தி, கூடப் பிறந்த எனக்கு இல்லாமப் போச்சு" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அந்தச் செய்தியை அழித்தாள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று அவனைக் கேட்டாள். இருக்கு என்றான். அப்படின்னா நீ பஸ்ல போ என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கடன் வங்கி இருக்கிற பக்கம் ரசீதைக் காட்ட நடந்தாள்.