சனிக்கிழமை ஊதாத கொம்பு

அந்த ஆட்டுக்கடாக் கொம்பை முதலில் பார்த்தபோது, இதில் வாய் வைக்க ஒரு குழல்கூட இல்லையே, எங்கே ஊதுவார் என்று நினைத்தேன். மேல்மாடி அண்ணை அதை உதட்டின் ஓரத்தில் வைத்து ஊதுவார். உக்ரைனிலிருந்து ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த யூதர். யூதப் புத்தாண்டுக்கு முந்திய மாதம் முழுக்க, சனிக்கிழமைகள் தவிர, காலையில் செபக்கூடத்தில் ஊதுவது அவர்தான்.

உலகக்கிண்ணம் முடிந்து, பால்கனிகளில் கொடிகள் வெளிறிக்கொண்டிருந்த செப்டெம்பர் அது. யூதரல்லாதவரை மகள் கட்டினாள் என்று அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. அதன்பின் அவள் அந்த வீட்டுப் படியேறவேயில்லை. ஆனால் மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும், கடவுள் குறுக்கே வரமாட்டார் என்பது அவர்கள் முறை. புத்தாண்டுக்கும் உபவாச நாளுக்கும் இடையில் மன்னிப்புக் கேட்டுமுடிக்கவேண்டும். தொலைபேசியில் அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. “புத்தாண்டுப் பெருநாள் சனிக்கிழமை, வா” என்று மட்டும் சொன்னாராம். கொம்பு கேட்டுவிட்டு அன்றே திரும்பிவிடுவேன் என்றாளாம் அவள்.

சனிக்கிழமை வந்தாள். கொம்பு அலுமாரியில் இருந்தது. பெருநாள் அவர்களின் ஓய்வுநாளான சனியில் விழுந்தால் அதைத் தொடவே கூடாது, மறுநாள்தான் ஊதலாம். அண்ணை அப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து நீட்டினார். இனிய ஆண்டாகட்டும் என்று கொடுப்பது அது. மேலங்கியோடு நின்றபடியே தின்றாள். முழங்கைவரை தேன் வழிந்தது. கழுவ மேலங்கியைக் கழற்றினாள், அன்றிரவு தங்கியும்விட்டாள்.

ஞாயிறு, கால் முறிந்து மாக்கட்டோடு கிடந்த தன் மனைவிக்காக, எனக்கு அவர் அக்கா, அண்ணை வீட்டிலேயே ஊதினார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுந்தாலே அயலவர் முறைக்கிற கட்டடம் அது. ஆசீர்வாதம் சொன்னபின் ஊதி முடியும்வரை ஒருவரும் பேசக்கூடாது. முதலில் நீண்ட ஒரே ஒலி, பிறகு பெருமூச்சுப்போல முறிந்த மூன்று, பிறகு விம்மலாய்ச் சின்னச் சின்னத் துண்டுகள், மறுபடி நீண்ட ஒலி. கடைசி ஊதலை அவர் முகம் சிவக்கச் சிவக்க இழுத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, காரணமில்லாமல் சிரிப்பும் வந்தது.

கொம்பு உதட்டை விட்டு இறங்கியதும் மகள் கேட்டாள், எனக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனில். என் தமிழில் அது இப்படி இருக்கும்:

“அப்பா, நேற்று ஊதமாட்டியள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம். சொன்னால் நீ இண்டைக்கு மட்டும் வந்திட்டுப் போயிருப்பாய்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அதுக்கும், உன்ரை கலியாணத்துக்கு வராததுக்கும் சேர்த்து மன்னிச்சிடு, பிள்ளை.”

அக்கா போர்வையால் கண்ணைத் துடைத்தார். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

“நேற்றையதுக்கு மன்னிக்கிறன். கலியாணத்துக்கு நான் மட்டும் மன்னிக்க ஏலாது. அவரையும் கூட்டிக்கொண்டு வாறன், அவரிட்டையும் கேளுங்கோ.”

அண்ணை அடுத்த அப்பிளை வெட்டத் தொடங்கியிருந்தார்.

“எப்ப?” என்றார்.