வாசலில் நின்று கேட்கிற நம்பர்

என் வீட்டுக்காரருக்கு டெப்போவில் வைத்த பெயர் "நம்பர்". பதினோரு வருஷமாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுஷர். காலிங் பெல்லை அழுத்துவார், பெட்டியை நீட்டுவார், "நம்பர் சொல்லுங்க" என்பார். பெட்டி வந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக வாங்குகிறவரின் போனுக்கு வரும் நாலு இலக்கம் அது. அதை இவர் தன் மிஷினில் தட்டினால்தான் அந்த வேலை முடியும். ஒரு நாளைக்கு எண்பது வாசல், எண்பது நம்பர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்பர் சொல்லுங்க என்றுதான் வாய் திறக்கும்.

நல்ல மனுஷர்தான். ஆனால் பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பார். பார்சல் கொடுபடாமல் தங்கிவிட்டால் சூப்பர்வைசர் திட்டுவார் என்ற பயம், காலையிலிருந்தே முகத்தில் உட்கார்ந்திருக்கும். அதிலும் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருக்கிற கண்ணாடிக்கார அம்மாவைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. வீட்டிலேயே உட்கார்ந்து நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, அப்புறம்தான் நம்பர் சொல்வாராம்.

"பத்து நிமிஷம் நிக்க வெக்கிறாங்கடி. நான் என்ன திருடனா?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவார்.

"பொருள் அவங்களோடது, பாத்து வாங்குறாங்க. உங்களுக்கு ஏன் எரியுது?" என்பேன். அது அவருக்குப் பிடிக்காது.

இவ்வளவு பார்சல் தூக்கியவர், தனக்கென்று ஒரு கைக்குட்டை கூட ஆன்லைனில் வாங்கியதில்லை. நானும் கேட்டதில்லை. என் மணிக்கட்டு வீங்குகிற வரைக்கும். நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அங்கே எட்டு மணி நேரம் தண்ணீர், வீட்டுக்கு வந்தால் துணி. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி பிழியறதை நிறுத்துங்கம்மா, இல்லேன்னா ஊசி போட வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரு வாஷிங் மிஷினை யார் வீட்டுக்கோ நாலு மாடி தூக்கிவிட்டு வந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க. நம்ம வீட்டுக்கு எப்பங்க தூக்குவீங்க?"

இந்த வாயைத் தைத்திருக்கலாம் என்று அதற்கப்புறம் எத்தனை முறை நினைத்தேனோ.

மறுநாள் காலை, டெப்போவில் வண்டி ஏற்றக் காத்திருந்தபோது அவர் போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. வாஷிங் மிஷின் பாதி விலை, இன்று மட்டும். அழுத்தினால் திறந்த பக்கம், இவர் நித்தம் பார்சல் எடுக்கிற பெரிய கடையின் பக்கம் மாதிரியே இருந்ததாம். அதே நிறம், அதே எழுத்து, மேலே பூட்டுப் படம். மேலே இருக்கிற இணைய முகவரியில் மட்டும் கடைப் பெயரோடு ஒரு எழுத்து கூடுதல். பெட்டியில் ஒட்டிய லேபிளில் ஒரு எழுத்து மாறினாலே பிடித்துவிடுகிற கண், அதைப் பார்க்கவில்லை. கார்டு எண், பின்னால் இருக்கிற மூணு இலக்கம், எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். "பணம் செலுத்துவதில் சிக்கல், எங்கள் ஊழியர் அழைப்பார்" என்று வந்ததாம். சரி, கூப்பிடட்டும் என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அழைப்பு வந்தது எங்கே தெரியுமா? அந்தக் கண்ணாடிக்கார அம்மாவின் வாசலில். அவர் உள்ளே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்க, இவர் வெளியே கடுப்போடு நிற்கிறார். போனில் ஒரு குரல், தேன் மாதிரி. "சார், உங்க ஆர்டர் கன்ஃபர்ம் பண்ணணும். ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

நம்பர் சொல்லுங்க! பதினோரு வருஷமாக இவர் கேட்ட கேள்வியை, முதல்முறையாக இவரிடம் ஒருவர் கேட்கிறார். தன்னை நிற்க வைத்த மாதிரி அடுத்தவரை நிற்க வைக்கக் கூடாது என்று நினைத்தாராம் மகாராஜா. மெசேஜைத் திறந்து ஆறு இலக்கத்தையும் கணீரென்று வாசித்துவிட்டார். அதற்கு மேலேயே எழுதியிருந்தது, இன்ன தொகை, இன்ன கடைக்கு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. அந்தக் கடையின் பெயரே வேறு. தொகையும் வேறு. வாசலில் யார் மெசேஜை முழுசாகப் படிக்கிறார்கள்? இலக்கத்தை மட்டும்தானே பார்ப்பார்கள்.

உடனே இன்னொரு மெசேஜ். "முதல் நம்பர் ஏறலை சார், புதுசா வந்ததைச் சொல்லுங்க." மூன்று இலக்கம் சொல்லியிருப்பார். உள்ளேயிருந்து கண்ணாடிக்கார அம்மா கத்திரிக்கோலோடு ஓடிவந்திருக்கிறார்.

"யாருக்குங்க நம்பர் சொல்றீங்க? போனை வைங்க! வைங்கங்கறேன்ல!"

பயத்தில் வைத்துவிட்டார். கார்டின் பின்னால் அச்சடித்திருந்த பேங்க் எண்ணுக்கு அந்த அம்மாவே போடச் சொன்னார். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று பதிவுக் குரல் பாட்டுப் பாடப் பாட, ஒருவழியாகக் கார்டை முடக்கினார்கள். இரண்டாவது தொகை தப்பியது. முதல் பதினெட்டாயிரம் போனது போனதுதான். நானும் அவரும் இரண்டு வருஷம் சேர்த்தது.

அப்புறம் நடை. சைபர் போலீஸில் புகார், பேங்கில் விண்ணப்பம். நான் கேன்டீனில் அரை நாள் லீவு போட்டு அவரோடு மூன்று தடவை பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மூன்றாம் தடவையும் அதே கேள்வியைக் கேட்டாள். "நீங்களே நம்பர் சொன்னீங்களா சார்?" அவர் தலையாட்டினார். "நீங்களே சொல்லிட்டா, பணம் திரும்புறது கஷ்டம். பேங்க்ல யாரும் அந்த நம்பரைக் கேக்கவே மாட்டோம்." 

"பூட்டுப் படம் இருந்துச்சேம்மா" என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

"கதவு பூட்டியிருக்குன்னுதான் சார் அதுக்கு அர்த்தம். உள்ள இருக்கறது யாருன்னு பேரைப் படிச்சாத்தான் தெரியும்."

வெளியே வந்து படிக்கட்டிலேயே அவரைத் திட்டித் தீர்த்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம். திருப்பிச் சொல்லியிருந்தால், நச்சரித்தது நீதானே என்று சொல்லியிருப்பார். சொல்லவேயில்லை, பாவி.

இப்போது அவர் எல்லா வாசலிலும், "பிரிச்சுப் பாத்துட்டு நம்பர் சொல்லுங்க, பேங்க் மெசேஜை மட்டும் யாருக்கும் படிச்சுக் காட்டாதீங்க" என்கிறாராம். தினம் இருபது பார்சல் தங்குகிறது. சூப்பர்வைசர் கத்துகிறார், வீட்டுக்கு வந்து இவர் கத்துகிறார்.

போன வாரம் எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. திறந்தால் இவர், யூனிஃபார்மோடு, கையில் ஒரு குட்டிப் பெட்டி. கடையின் முகவரியை எழுத்துக் கூட்டிக் கூட்டி டைப் அடித்து, பொருள் வந்தபின் பணம் என்று போட்டு, என் போன் எண்ணைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

"நம்பர் சொல்லு."

"பிரிச்சுக் காட்டுங்க மொதல்ல."

பிரித்தார். மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. வாஷிங் மிஷினுக்குப் பதிலாக இவ்வளவுதான் முடிந்தது. நான் நம்பர் சொன்னேன், அவர் தட்டினார், பணத்தைத் தன் சட்டைப்பையிலிருந்தே எடுத்து டெப்போ பையில் போட்டார். என் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, மீதிப் பார்சலை மறந்து பாத்ரூமுக்குள் போனார். ஊறிக்கிடந்த துணியை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். ஒழுங்காகவா பிழிந்தார்? தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடப் போனார்.

கோபம் இன்னும் போகவில்லை. "இன்னும் முறுக்குங்க" என்றேன்.