பதினொன்றில் மூன்று

அந்த விளம்பரத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு வாய் வராது.

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர்தான் பிரிவு. குளிரூட்டிய ஓர் அறை, உள்ளே ஒரு மினி கம்ப்யூட்டர், அதற்கு ஏழு வருஷமாக கோபோல் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த நான், பக்கத்து அறையில் மேனேஜர். அவர் கோலாலம்பூரிலிருந்து வந்த சீனர், நல்ல மனிதர். ஆனால் புதிய கருவி எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். அந்த வருஷம் இரண்டு பெர்சனல் கம்ப்யூட்டர்களும் வாங்கிப் போட்டிருந்தார்.

கம்பெனி தன் ஐந்து ரப்பர் தோட்டங்களை விற்கப் போவதாக முடிவானது. வாங்குகிறவர்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போகிறார்கள், பாதி நிலத்தில் வீடு கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த தொழிலாளிக்கு குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன வீடு கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு பட்டியல் சொல்லும். அதைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொடுக்கவேண்டியது எங்கள் பொறுப்பு. தோட்ட ஆபீசுகளில் இருந்த சர்வீஸ் அட்டைகளைப் பதிந்து, சேர்த்து, ஒரே பட்டியலாக அடிக்கவேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வீடு இல்லை. என் அம்மா இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டமும் அந்த ஐந்தில் ஒன்று.

இந்த வேலைக்கு ஒரு புரோகிராமர் வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் தன் மேசையில் கிடந்த விற்பனைப் புத்தகங்களைப் புரட்டியபடியே சொல்லச் சொல்ல, தெரிந்திருக்கவேண்டிய கருவிகளை நான் விளம்பரத்தில் தட்டினேன். கோபோல், ஆர்பிஜி, பேசிக், பாஸ்கல், ஃபோர்ட்ரான், சி, அசெம்ப்ளர், டிபேஸ், யூனிக்ஸ், ஸ்ப்ரெட்ஷீட், வேர்டு ப்ராசஸிங். மொத்தம் பதினொன்று. இதில் பாதி எங்கள் அறையில் நுழைந்ததே இல்லை, நுழையப்போவதும் இல்லை. நாளைக்குத் தலைமை அலுவலகம் எந்த மெஷினுக்கு மாறும் என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர். நான் தாளை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

விண்ணப்பங்கள் வந்ததும் ஒரு தாளில் கட்டம் போட்டேன். மேலே பதினொரு கருவிகள், பக்கவாட்டில் ஆட்கள். தெரிந்ததற்கு ஒரு மதிப்பெண். எத்தனை வருஷம், எதைக் கட்டினாய், அது ஓடியதா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே இல்லை. கட்டம் போட்டவளுக்கே அது உறுத்தியது. ஆளில்லாத நேரத்தில் விளையாட்டாக என்னையும் அதில் மதிப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வந்தது. தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன்.

கடைசியில் இரண்டு பேரை அழைத்தோம். ஒருவர் ஈப்போ டவுன் பையன், வயது இருபத்து மூன்று. தனியார் கம்ப்யூட்டர் பள்ளியில் படித்தவர். ஒன்பது மதிப்பெண். ஒன்பதுக்கும் சான்றிதழ் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஆறு வார வகுப்பு. இன்னொருவருக்கு முப்பத்தைந்து இருக்கும். கம்பார் பக்கம் ஓர் ஈயச் சுரங்கக் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்து, கம்பெனி மூடியதால் வெளியே வந்தவர். ஒரே பக்க விண்ணப்பம். கோபோல், ஆர்பிஜி, கொஞ்சம் பேசிக். என்னைப் போலவே மூன்று. அவரை நான்தான் பிடிவாதமாகக் கூப்பிட வைத்தேன்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள் இருக்கின்றன. இரண்டு பேர் பதிவதால் சில அட்டைகள் இரண்டு முறை பதிவாகலாம். எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? டவுன் பையன் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். பதிவுகளைக் கையாளும் டிபேஸில் ஒரே கட்டளை போதும், இரண்டு வாரத்தில் பட்டியல் உங்கள் கையில் என்றார். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஈயக் கம்பெனிக்காரர் யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் மேனேஜருக்கு போன் வந்து அவர் எழுந்து போக, நாங்கள் தமிழுக்கு மாறினோம்.

"அட்டையில ஐசி, அடையாளக் கார்டு நம்பர் இருக்குங்களா?"

"புதுசுல இருக்கு. பழைய அட்டையில பாதிக்கு இல்ல."

"அப்ப பேர வச்சுச் சேக்கக்கூடாதுலா. தோட்டத்துல ஒரே சாமி பேரதான எல்லாருக்கும் வைக்கிறாங்க. தகப்பன் பேரும் அதே மாதிரிதான். கூப்புடுறது பட்டப்பேரு, அட்டையில இருக்குறது வேற பேரு. ரெண்டு பதிவு ஒத்துப்போச்சுன்னா ஒன்னத் தூக்கக்கூடாது. சந்தேகமானதத் தனியா ஒரு லிஸ்ட்டு அடிச்சு, தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிகிட்டக் கொண்டு போயி ஆளப் பாத்துத்தான் முடிக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அஞ்சு தோட்டத்துக்கும் மூணு மாசம் ஆவும். கம்மியா சொன்னா பொய்யாயிரும்."

மேனேஜர் திரும்பி வந்ததும் மூன்று மாதம் என்றேன். ஆறு வாரத்தில் பட்டியல் போகவேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தலைவலி. வந்தவர் விடைபெற்றுப் போனதும் கட்டம் போட்ட தாளை என் பக்கம் தள்ளி, ஒன்பதும் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை விரலால் தொட்டுக் காட்டி, என் கருத்து என்ன என்று கேட்டார்.

எனக்குக் கருத்து இருந்தது. ஒன்பது கருவியைத் தொட்டுப் பார்த்தவருக்குக் கட்டளை தெரியும், அது எங்கே கடிக்கும் என்று தெரியாது. எட்டு வருஷம் ஒரே மொழியில் அடிபட்டவருக்குக் கடி வாங்கிய இடமெல்லாம் தெரியும். தெரியாத டிபேஸை அவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் மூன்று மதிப்பெண்காரருக்குப் பரிந்து பேசினால் எனக்காகவே பேசுவதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். உனக்கு எத்தனை என்று மேனேஜர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். டவுன் பையன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உழைத்தார். சிரித்த முகம். எனக்கு டிபேஸ் சொல்லிக்கொடுத்தார், மதியம் பசியாற நான் எழுந்தால் கூடவே வருவார். மூன்றாவது வாரம் ஒருநாள் திரையைக் காட்டினார்.

"முடிஞ்சிருச்சுக்கா. தோட்டம், பேரு, தகப்பன் பேரு மூணையும் சேத்து இண்டெக்ஸ் போட்டு, யூனிக்னு ஒரு வார்த்தை சேத்துட்டேன். ஒரே மாதிரி ரெண்டு இருந்தா முதல்ல பதிஞ்சத மட்டும் காட்டும். அப்படியே புது ஃபைலுக்குக் காப்பி பண்ணிட்டேன். டூப்ளிகேட் எல்லாம் போச்சு."

"எத்தன போச்சு?"

"அறுபத்தி ரெண்டு."

இரண்டு பேர் பதிந்ததில் இவ்வளவா தவறியிருக்கும்? இருபது என்றால் நம்பலாம். ஈயக் கம்பெனிக்காரர் சொன்னது ஒரு நொடி என் காதுக்குள் ஓடியது. பழைய ஃபைல் இன்னும் இருந்தது. அந்த அறுபத்திரண்டையும் அச்சடித்துத் தா என்று சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். சொன்னால், இதை முதலிலேயே சொன்னவரை ஏன் விட்டாய் என்ற கேள்வியும் கூடவே வரும். தோட்டமும் தகப்பன் பெயரும் சேர்ந்திருக்கிறதே, ஒத்துப்போக வாய்ப்புக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சமில்லாமல் தலையாட்டினேன். பிரிண்டர் அன்று சாயங்காலம் வரை கிறீச்சிட்டது. சுண்ணாம்பு மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

பட்டியல் ஒப்பந்தத்தோடு போனது. வாங்கியவர்கள் அதில் முத்திரை வைத்தார்கள், இனி மாற்றம் கிடையாது என்று கடிதமும் வந்தது. தோட்ட ஆபீசுகளைக் காலி செய்யும்போது அட்டைகளை என்ன செய்வது என்று கிராணி ஒருவர் போன் செய்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, தேவையில்லை என்று மேனேஜர் சொல்லச் சொன்னார். அந்த வார்த்தையையும் நான்தான் போனில் சொன்னேன். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டு அடுப்பில் போட்டு எரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பெயர் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை நானும் தோட்டத்துக்குப் போனேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நல்ல சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லி, இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கிராணி என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பெயரைக் கேட்டு ஒவ்வொருவராக எழுந்து போய் வீட்டு நம்பர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டார்கள்.

பத்துப் பதினைந்து பெயருக்குப் பிறகு ஒரு பெயருக்கு இரண்டு ஆண்கள் எழுந்தார்கள். கூட்டம் சிரித்தது. கிராணி தாளை உற்றுப் பார்த்து, பதினான்கு வருஷம் சர்வீஸ் என்று போட்டிருக்கிறது, யாருக்குப் பதினான்கு என்று கேட்டார். ஒருவர் கை தூக்கினார். இன்னொருவருக்கு இருபத்தாறு வருஷம். அவர் நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அறுபத்திரண்டு என்ற எண் மட்டும் என் தலைக்குள் இருந்தது, அதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

பிறகு அம்மாவின் பெயர் வந்தது. அட்டையில் இருக்கிற அந்தப் பெயரைச் சொல்லித் தோட்டத்தில் யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மூணாம் லயத்து அக்காதான். அம்மா எழுந்தாள். பின்வரிசையில், பாகான் டத்தோவிலிருந்து கட்டிக்கொடுத்து வந்த ஒரு பெண்ணும் கைக்குழந்தையோடு எழுந்தாள். அவளை எல்லோரும் கூப்பிடுவது சுருட்டை என்று. அவளுக்கும் அட்டையில் அதே பெயர் என்பது, அவள் தகப்பனுக்கும் என் தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்பது, அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

"சர்வீஸு பதினொரு வருசம்னு இருக்கு" என்றார் கிராணி. அவர் குரல் தணிந்திருந்தது.

அம்மாவுக்கு முப்பத்தொன்று. அவள் கிராணியைப் பார்த்தாள், பிறகு திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ போயி வாங்கிக்கம்மா" என்று அம்மா அவளிடம் சொன்னாள். "எம்மவ ஆபீசுல போட்ட லிஸ்ட்டு இது. அதுல தப்பு வராது." சொல்லிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.